மழைக்குப் பின் வரும் நத்தைகளில் கீரையைத் தின்பது எது?

கேள்வி: கொடுங்கையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சின்னத் தோட்டம் இருக்கிறது. அரைக்கீரை, கத்தரி நாற்று, இரண்டு பப்பாளிக் கன்று, கொஞ்சம் சாமந்தி. மழை விட்டதும் கோடு போட்ட தட்டை நத்தை, ஓடே இல்லாத கறுப்பு நத்தை, உள்ளங்கை அளவு பெரிய பழுப்பு நத்தை என்று எல்லாம் வருகின்றன. கீரை முளைத்த நாலைந்து நாளில் பாத்தியே காலியாகிவிடுகிறது. எது காரணம்? எல்லாவற்றின் மேலும் உப்பைத் தூவிவிடலாமா?

பதில்:

தோட்டத்தில் உப்பைத் தூவாதீர்கள். நத்தை சாகும், ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கி அடுத்த விதைப்பையும் கெடுக்கும். காரணம் எது என்று கேட்டால், நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டின் மேல் எனக்குச் சந்தேகம். ஒன்று அந்த ஓடில்லாத கறுப்பு நத்தை. இன்னொன்று பெரிய நத்தை, அதாவது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஆனால் உங்கள் கண்ணில் படும் உள்ளங்கை அளவு நத்தையைவிட, கண்ணில் படாத அதன் குஞ்சுகள்தான் முளைக்கீரைக்கு எமன். கோடு போட்ட தட்டை நத்தை பெரும்பாலும் பழியை மட்டும் சுமக்கிறது. அதனால் கொல்வதற்கு முன்னால் எது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெரிதாக இருக்கும்போது பிரிப்பது சுலபம். குழப்பமெல்லாம் சின்னதாக இருக்கும்போதுதான். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு நத்தையைப் பார்த்தால் அது நம் ஊர்த் தட்டை நத்தையா, பெரிய நத்தையின் குஞ்சா என்று பலருக்கும் தெரிவதில்லை. இதற்கு நான் பார்ப்பது ஓட்டில் உள்ள கோடு ஓடும் திசையை. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நத்தையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடு ஓட்டின் சுற்றோடு சேர்ந்து, சுற்று போகும் வழியிலேயே வளைந்து வளைந்து போனால் அது நம் ஊர் நத்தை. கோடுகள் சுற்றுக்குக் குறுக்கே, ஒரு சுற்றின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒழுங்கில்லாத பழுப்புப் பட்டைகளாக இறங்கினால் அது பெரிய நத்தையின் குஞ்சு. வடிவமும் உதவும். நம் ஊர் நத்தையின் ஓடு அகலம் அதிகம், உயரம் குறைவு. தரையில் வைத்தால் படிந்து உட்காரும். பெரிய நத்தையின் ஓடு சின்ன வயதிலேயே கூம்பாக நீளத் தொடங்கிவிடும், நுனி கூராக இருக்கும்.

நம் ஊர்க் கோட்டு நத்தையின் அறிவியல் பெயர் கிரிப்டோசோனா பைஸ்ட்ரியாலிஸ். முழுதாக வளர்ந்தாலும் ஓடு சுமார் 3 சென்டிமீட்டர்தான் வரும். உதிர்ந்த இலை, அழுகிய காய், ஈரச் சுவரில் படியும் பாசி, இவைதான் இதன் வழக்கமான உணவு. பயிரைத் தொடவே தொடாது என்று நான் சொல்லமாட்டேன். அடைமழையில் எண்ணிக்கை ஏறிவிட்டால் இளம் நாற்றையும் கடிக்கும், இதைப் பயிரைத் தாக்கும் இனமாகச் சொல்லும் பதிவுகளும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் ஒரு சின்னத் தோட்டத்தில் நாலைந்து திரிந்தால் அவற்றால் பாத்தி காலியாகாது. பாத்தியிலிருந்து எடுத்துக் குப்பை மட்கும் மூலையில் விட்டாலே போதும். அங்கே அது நமக்கு வேலைதான் செய்கிறது.

இதோடு இன்னும் இரண்டு சின்ன நத்தைகள் உங்கள் கண்ணில் படலாம். ஒன்று கோடே இல்லாமல் தேன் நிறத்தில் பளபளவென்று, மெல்லிய ஓட்டோடு இருக்கும். மேக்ரோகிளாமிஸ் இண்டிகா என்பார்கள். இதுவும் ஈரமான தோட்டத்தில் இளந்தளிரைக் கடிக்கும், ஆனால் உடம்பு சின்னது என்பதால் தனி ஒன்றின் சேதம் குறைவு. மற்றது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, மெல்லியதாக நீண்டு, வெளிறிய நிறத்தில் பூந்தொட்டி மண்ணுக்குள்ளேயே இருக்கும். கூம்பாக இருப்பதால் இதைப் பெரிய நத்தையின் குஞ்சு என்று பயந்துவிடுகிறார்கள். பிறந்த குஞ்சு உருண்டு தடித்திருக்கும். இது அகலமே இல்லாமல் ஒடிசலாக இருக்கும். இதை அப்படியே விட்டுவிடலாம்.

ஓடில்லாத கறுப்பு நத்தையைச் சிலர் அட்டை என்று பயப்படுகிறார்கள். அது இரத்தம் குடிக்காது. லேவிகாலிஸ் ஆல்ட்டே என்ற இனம், இதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். தட்டையான, சொரசொரப்பான கருஞ்சாம்பல் முதுகு, நடுவில் தலையிலிருந்து வால் வரை ஒரு வெளிறிய கோடு. பகலில் தொட்டிக்கு அடியிலும் செங்கல் இடுக்கிலும் மண் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும். இரவில் வந்து நாற்றைத் தண்டோடு தரை மட்டத்தில் கடித்துச் சாய்த்துவிடும். மற்ற நத்தைகளைப் போல எங்கும் பளபளக்கும் கோழைத் தடத்தை இது தாராளமாக விட்டுப்போவதில்லை. அதனால் காலையில் பார்ப்பவர்கள் "தடமே இல்லையே, நத்தையாக இருக்காது" என்று முடிவு செய்து எலியின் மேலும் அணிலின் மேலும் சந்தேகப்படுகிறார்கள்.

இனி உங்கள் பாத்திக்கு வருகிறேன். அரைக்கீரை முளைத்ததும் விடுவது இரண்டு மெல்லிய விதையிலைகள். அந்தக் கட்டத்தில் நடுக்குருத்தோடு சேர்த்து ஒரே கடியில் செடி முடிந்துவிடும், திரும்பத் தளிர்க்க எதுவும் மிஞ்சாது. அதே கீரை ஒரு சாண் வளர்ந்த பிறகு இலையில் நாலு ஓட்டை விழுந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும். ஆகவே உங்களுடைய போராட்டம் முளைத்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மட்டும்தான். அந்த இரண்டு வாரம் பாத்தியில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

காலையில் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்காது. மழை விட்ட நாளில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பாத்தியில் எது உட்கார்ந்து தின்கிறதோ அதுதான் ஆள். காலையில்தான் முடியும் என்றால் எச்சத்தைப் பாருங்கள். புழு தின்ற இடத்தில் காய்ந்த, தனித்தனி உருண்டைகளாகக் கழிவு கிடக்கும். நத்தையின் கழிவு ஈரமாக, நீண்ட இழையாக, சுருண்டு கிடக்கும். இலையில் உள்ள கடியும் வேறுபடும். நத்தைக்கு வெட்டும் பல் வரிசை கிடையாது. அரம் வைத்துத் தேய்ப்பதுபோல நாக்கால் இலையைச் சுரண்டித் தின்னும். அதனால் நரம்புகளுக்கு நடுவே ஒழுங்கற்ற ஓட்டைகள் விழும், சில இடத்தில் மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு மறுபக்கத் தோல் கண்ணாடியாகத் தெரியும். முளைத்த கீரை அடியோடு காணாமல் போய், பக்கத்தில் வளர்ந்த செடிகளில் இப்படிப்பட்ட ஓட்டைகளும் இருந்தால் கறுப்பு நத்தையும் பெரிய நத்தையின் குஞ்சுகளும் இரண்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பப்பாளிக் கன்றின் தண்டில் தோல் உரிந்தாற்போல் இருந்தாலோ, சுண்ணாம்பு அடித்த சுற்றுச்சுவரில் சுரண்டிய கோடுகள் தெரிந்தாலோ, அது பெரிய நத்தை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் சுவரையே சுரண்டித் தின்னும்.

இந்தப் பெரிய நத்தை, ஆப்பிரிக்க ராட்சத நத்தை, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தது. பெயர் லிசாக்காட்டினா ஃபுலிகா. இந்தியாவுக்குத் தானாக வரவில்லை. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தார். அவை கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டு, அங்கிருந்து பரவின. இப்போது அது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம் கையால்தான். நர்சரித் தொட்டி மண், லாரியில் வரும் மணல், செங்கல், மரக்கட்டை, இவற்றோடு முட்டையும் குஞ்சும் வந்துவிடும். புதிதாக வாங்கிய செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேர்க்கட்டியின் அடியைப் பார்க்காமல் தோட்டத்தில் வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

இதை அழிப்பது ஏன் கடினம் என்பது முட்டையைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஆகவே இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடலாம். ஒருமுறை சேர்ந்தபின் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பிலேயே வைத்திருந்து, மீண்டும் துணையில்லாமலே அடுத்த தடவையும் முட்டையிடும். ஒரு ஈட்டில் 100 முதல் 400 முட்டை வரை, ஈர மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில், கொத்தாக. நிறம் வெளிர்மஞ்சள், அளவு 4 முதல் 5 மில்லிமீட்டர். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பொரிந்துவிடும். வருடத்தில் இப்படிப் பல ஈடு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த 3 நத்தைகள் தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகியதை ஒழிக்க 1975 வரை ஆனது. அதற்குள் சேகரித்தவை சுமார் 18,000.

பொரிந்த குஞ்சின் வாய்தான் உங்கள் கீரைக்கு ஆபத்து. முதல் சில மாதங்கள் அது இளந்தளிரையும் மெல்லிய இலையையும்தான் விரும்பித் தின்னும். வயது ஏற ஏற அழுகிய பொருள், காகிதம், குப்பை என்று எதையும் தின்னத் தொடங்கும். பெரியதும் பயிரைத் தின்னும், பப்பாளி, வாழை, கத்தரி, வெண்டை, சாமந்தி எதையும் விடாது. ஆனால் பெரிய பத்து நத்தையை மட்டும் பொறுக்கிவிட்டு "முடிந்தது" என்று விதைத்தால், மண்ணுக்குள் இருந்த ஒரு முட்டைக்கொத்து பொரிந்து அதே பாத்தியைக் காலி செய்யும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? விதைப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த மாதத்தைப் பொறுக்குவதற்கு ஒதுக்குங்கள். ஒரு பழைய சாக்குப்பையை நனைத்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸின் வெளி இலையோ நாலைந்து போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குச் சுற்றுச்சுவரை ஒட்டி நிழலான இடத்தில் விரியுங்கள். உங்கள் தோட்ட அளவுக்கு இரண்டு சாக்கு போதும். இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை புரட்டுங்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ இல்லாமல் தொட வேண்டாம். கிடைத்தவற்றைக் கோட்டின் திசை பார்த்துப் பிரியுங்கள். நம் ஊர் நத்தையை மட்கும் மூலைக்கு, பெரிய நத்தையும் அதன் குஞ்சும் கறுப்பு நத்தையும் வாளிக்கு.

வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பு கரைத்து வையுங்கள். உப்பின் இடம் இதுதான், மண்ணில்லை. நத்தைகள் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும், வாளியை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஏறி வெளியே வந்துவிடும். மறுநாள் தண்ணீரைச் செடி இல்லாத சாக்கடையில் ஊற்றிவிட்டு, நத்தைகளை ஒரு முழத்துக்கு மேல் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிடுங்கள். காலால் மிதித்து நசுக்கி அப்படியே விடுவது கூடாது. வயிற்றில் முட்டை இருந்தால் அது மண்ணில் சிதறும், நாற்றமும் ஈயும் வேறு. அடுத்த தெருக் காலி மனையில் வீசிவிட்டு வருவதும் வேண்டாம், அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

அப்புறம் முட்டை. செங்கல் அடுக்கின் ஓரம், தொட்டிக்கு அடியில், பப்பாளித் தூரைச் சுற்றி, மட்கு குவியலின் ஈர விளிம்பு, இந்த நாலு இடத்திலும் ஒரு விரல்நீள ஆழத்துக்குக் கிளறுங்கள். மஞ்சள் கொத்து தெரிந்தால் மண்ணோடு அள்ளிக் கொதிநீரில் போடுங்கள். கறுப்பு நத்தையின் முட்டைகள் வேறு மாதிரி, ஒன்றோடொன்று இழையில் கோத்து, மண் ஒட்டிச் சுருளாக இருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள்.

தினமும் எத்தனை கிடைத்தது என்று இனம்வாரியாக ஒரு தாளில் குறித்துவாருங்கள். முதல் வாரத்தில் பெரியவை வேகமாகக் குறையும். இரண்டு, மூன்று வாரத்தில் திடீரென்று சின்னக் குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறும். இது தோல்வி இல்லை, விட்டுப்போன முட்டைகள் பொரிந்திருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் நிறுத்துவது இந்த இடத்தில்தான். நீங்கள் நிறுத்தாதீர்கள். குஞ்சும் வராமல் ஒரு வாரம் போனபின் விதையுங்கள். கத்தரியை நேரடியாக மண்ணில் நாற்று விடாமல் மாடியில், உயரமான மேசைமேல் தட்டில் வளர்த்து, தண்டு தடித்தபின் இறக்கி நடுங்கள். பாத்திக்குத் தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். இரவில் மண்ணின் மேல்பகுதி காய்ந்திருந்தால் நத்தையின் நடமாட்டம் கண்கூடாகக் குறையும்.

பாத்தியைச் சுற்றிச் சாம்பலோ சுண்ணாம்புத் தூளோ போடலாமா என்று கேட்பீர்கள். காய்ந்திருக்கும்வரை தடுக்கும். நமக்குத் தொல்லை வருவதே ஐப்பசி, கார்த்திகை மழையில், அப்போது ஒரு தூறலில் அது கரைந்துவிடும். முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவதால் பலன் கிடையாது, அதில் இருப்பதும் அவற்றுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துதான்.

உரக்கடையில் மெட்டால்டிஹைடு குருணை கிடைக்கும், நத்தையைக் கொல்லும், உண்மை. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நத்தையின் உடம்பிலிருந்து நீர் வற்றித்தான் அது சாகிறது. மழை நாளில் தின்ற நத்தை ஈரத்தை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், அந்தக் குருணையைத் தெரு நாயும் பூனையும் விரும்பித் தின்னும், தின்றால் வலிப்பு வந்து சாகும். நம் பக்கம் செம்போத்து இன்னும் இருக்கிறது. அது பெரிய நத்தையையே கொத்தித் தின்னும் பறவை, அதன் உணவில் நாம் விஷம் வைக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் இளம்புழு எலியின் கழிவு வழியாக வெளியேறி, அதைத் தின்ற நத்தைக்குள் வளரும். பெரிய நத்தையும் கறுப்பு நத்தையும் இதைச் சுமக்கக்கூடியவை. அந்த நத்தையைச் சரியாக வேகாமல் தின்றாலோ, கீரையில் ஒட்டியிருந்த சின்ன நத்தை தெரியாமல் வாய்க்குள் போனாலோ, மூளை உறையில் அழற்சி வரலாம். வேகவைத்தால் புழு செத்துவிடும், ஆகவே சமைத்த கீரைக்குப் பயமில்லை. பச்சையாகப் போடும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரியை மட்டும் ஓடும் தண்ணீரில் இலை இலையாகப் பிரித்துக் கழுவுங்கள். குழந்தைகள் நத்தையைத் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். யாராவது பச்சையாக விழுங்கிவிட்டு, பிறகு கடுமையான தலைவலியும் கழுத்து விறைப்பும் வந்தால், மருத்துவரிடம் நத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

மழை நின்று தை, மாசியில் நத்தை காணாமல் போகும். அது செத்துவிடவில்லை. ஓட்டுக்குள் சுருங்கி, வாயை மெல்லிய வெள்ளைத் திரையால் அடைத்துக்கொண்டு, செங்கல் அடுக்கிலும் தென்னை மட்டைக் குவியலிலும் சுவர் இடுக்கிலும் அடுத்த மழைக்காகக் கிடக்கும். அசையாமல் ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதால் பொறுக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. பங்குனி, சித்திரையில் அந்தக் குவியல்களை ஒருமுறை கலைத்து வாளியில் போடுங்கள். பின்பக்கம் காலி மனை இருந்தால் அதன் சுவரோரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோடை மழை ஒன்று கொட்டினால் அவை திரையை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும்.